சாயப்பட்டறை சொல்லும் 7 நாள்

திருப்பூரில் நிட்டிங் முடிந்த துணி பெரும்பாலும் ஜாப் ஒர்க்காகச் சாயப்பட்டறைக்குப் போகிறது. எத்தனை நாளாகும் என்று கேட்டால், ‘7 நாள்’ என்பார்கள். அதை நம்பியே கட்டிங் தேதியும் குறிக்கப்படுகிறது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை, கம்பெனியின் இன்வர்டு ரிஜிஸ்டரை வைத்தே கணக்கிட்டுவிடலாம்.

துணியை அனுப்பிய நாள் முதல், வெட்டத் தகுந்த துணியாக அது திரும்பி வரும் நாள் வரை உள்ள இடைவெளிதான் லீட் டைம். தொடக்க நாள் டி.சி.யில், அதாவது துணியோடு போகும் டெலிவரி சலானில், இருக்கும். ஷேடுக்கு நாம் ஒப்புதல் தரத் தாமதித்திருந்தால், ஒப்புதல் தந்த நாளிலிருந்து எண்ணுவதே நியாயம்.

முடிவு நாளில்தான் பலரும் தவறுகிறார்கள். 800 கிலோ லாட்டில் 650 கிலோ 7ஆம் நாளிலும் மீதி 12ஆம் நாளிலும் வந்தால், லீட் டைம் 12 நாள். இன்னொரு சிக்கல் ரிஜிஸ்டரிலேயே மறைந்து கிடக்கும். 6ஆம் நாள் வந்த துணி ஷேடு சரியில்லாமல் திரும்பிப் போகிறது. மறுசாயம் ஏறி 16ஆம் நாள் வருகிறது. இது புது டி.சி.யில் போய் வந்திருப்பதால், ரிஜிஸ்டரில் இரண்டு தனி வரவுகளாகத் தெரியும். இரண்டுமே வேகமாக வந்தவை போலிருக்கும். லாட் நம்பரை வைத்து இரண்டையும் இணைத்தால்தான் 16 நாள் வெளியே வரும்.

உதாரணத்துக்கு, ஒரே பட்டறைக்குப் போன 10 லாட்டுகள் இப்படி வந்தன என்று கொள்வோம்: 6, 7, 7, 7, 8, 8, 9, 10, 12, 16 நாள். சராசரி 9 நாள். ஆனால் 9 நாளுக்குள் வந்தவை 7 லாட்டுகள்தான்; சராசரியை வைத்துத் திட்டமிட்டாலும் 3 முறை கட்டிங் மேசை காத்துக்கிடக்கும். 12 நாளுக்குள் வந்தவை 9. ஆகவே 10க்கு 9 முறை தேதி தவறக்கூடாது என்றால், திட்டத்தில் போட வேண்டியது 12 நாள். கடும் நிறங்களையும் வெள்ளையையும் ஒரே பட்டியலில் சேர்க்காமல் இருந்தால் இந்த எண் இன்னும் நம்பகமாகும்.

10 லாட் என்பது சிறிய கணக்கு. ஒரே ஒரு மறுசாயம் கூடக் கடைசி எண்ணை இழுத்துவிடும். புது வரவுகள் சேரச் சேர, கணக்கைத் திரும்பப் போட வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் போன்ற காலத்தின் பதிவுகளை இதில் கலக்கக் கூடாது. அந்த அளவு இடரை 2, 3 நாள் கூட்டிச் சமாளிக்க முடியாது.

நிட்டிங், சாயம், காம்பாக்டிங் ஒவ்வொன்றிலும் இதே தாராளத்தைக் கூட்டினால் திட்டம் தேவைக்கு மேல் நீளும். எல்லாக் கட்டமும் ஒரே லாட்டில் தாமதிப்பது அரிது. நூல் கொடுத்த நாளிலிருந்து துணி வந்த நாள் வரை மொத்தமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல். திட்டத்தில் 12 என்று இருந்தாலும், பட்டறைக்குக் கேட்கும் தேதி அந்த 7ஆம் நாளாகவே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். 12 நாள் இருக்கிறது என்று தெரிந்தால், நம் லாட் வரிசையில் பின்னால் போய்விடும்.