முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை ஏன்?

கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுத்தால், இருபது பேரில் ஒருவராவது கண்ணை மூடிவிடுவது வழக்கந்தானே! அடுத்த நொடியில் எடுத்த படத்தில் அத்தை அழகாகக் கண் திறந்திருப்பாள். ஆனால் கல்யாணப் பெண் வேறு பக்கம் திரும்பியிருப்பாள். இந்தப் படத்து முகத்தை அந்தப் படத்தில் ஒட்டிவிடுவது கம்ப்யூட்டரில் இப்போது சுலபம். சிறிய திரையில் பார்த்தால் ஒட்டினதே தெரியாது. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய பிறகுதான், கன்னத்தைச் சுற்றி மை இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கரை கண்ணை உறுத்தும்.

வெட்டினது சரியில்லை என்று எண்ணி, ஓரத்தை இன்னும் மிருதுவாக்கிப் பார்ப்பீர்கள். கரை போகாது; அகலமாகும்! குற்றம் வெட்டிய கையில் இல்லை, கலந்த கணக்கில் இருக்கிறது.

இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் எவ்வளவு பெரிய மாறுதல்! நூறு மெழுகுவர்த்தி எரியும் கூடத்தில் இன்னொன்று ஏற்றினால் யாருக்கும் தெரியாது. நம் கண் அப்படிப்பட்டது. அதனால், ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை எண் தரும் படக்கோப்பில், இருட்டுப் பக்கத்துக்கு நிறைய எண்களும் வெளிச்சப் பக்கத்துக்குக் கொஞ்சமும் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ‘காமா’ என்று பெயர். ஆகவே 128 என்ற எண் பாதி வெளிச்சமல்ல. முழு வெளிச்சத்தில் 100-க்கு 22 பங்குதான். பாதி வெளிச்சத்துக்கு எண் 188!

இனி அத்தையின் கன்னத்துக்கு வருவோம். தலை சற்றுச் சாய்ந்திருந்ததால், ஒட்டிய கன்னத்து ஓரம் பின்னால் நிற்பவரின் கிளிப்பச்சைப் புடவைமேல் விழுகிறது. சிவப்பு எண்ணை மட்டும் பார்ப்போம். கன்னத்தில் அது 220, புடவையில் 50. ஓரத்தில் இரண்டும் பாதிப் பாதி கலக்க வேண்டும். சாதாரணமாகக் கம்ப்யூட்டர் எண்களைக் கூட்டிப் பாதியாக்கி 135 என்று போட்டுவிடும். அந்த எண்ணுக்கு உள்ள வெளிச்சம் 24 பங்கு. உண்மையிலோ, 220-க்கு 72 பங்கு வெளிச்சம், 50-க்கு 3 பங்கு. இவற்றில் பாதி 37-க்குச் சற்று மேல். மூன்றில் ஒரு பங்கு சிவப்பு காணாமற் போய்விட்டது! கன்னமும் புடவையும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தால்கூட, நடுவில் இரண்டையும்விட இருண்ட பட்டை விழுவது இதனால்தான்.

பரிகாரம் மூன்று படி. முதலில் இரண்டு படங்களின் எண்களையும் வெளிச்சப் பங்குகளாக மாற்ற வேண்டும். அந்த நிலையிலேயே முகத்தைக் கலக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி எண்களாக்க வேண்டும். நம் உதாரணத்தில் சிவப்பு சுமார் 164 ஆகும். இதை நீங்கள் கையால் செய்ய வேண்டியதில்லை. போட்டோஷாப்பில் Color Settings என்ற பகுதியில் Blend RGB Colors Using Gamma என்பதை 1.00 என்று வைத்தால், அதுவே ‘லீனியர்’ முறையில், அதாவது வெளிச்சக் கணக்கில், கலந்துவிடும். படத்தை முன்னதாகவே 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 8 பிட்டில் வெளிச்சப் பங்குகளை வைத்தால் இருண்ட இடங்களில் படிப்படியாகக் கோடு விழும். வேலை முடிந்ததும் அந்த அமைப்பை எடுத்துவிடவும் மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் அடுக்கடுக்காகச் செய்த மற்றப் படங்களும் மாறித் தெரியும்.

உங்கள் மென்பொருள் எந்தக் கணக்கில் கலக்கிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. சுத்தப் பச்சைமேல் சுத்தச் சிவப்பை, ஓரம் மிருதுவாக்கி வையுங்கள். சேருமிடம் சேற்றுநிறமாக இருண்டால் பழைய கணக்கு; மஞ்சளாகப் பளிச்சிட்டால் வெளிச்சக் கணக்கு.

எல்லாக் கரையும் இதனால் வருவதல்ல. முகத்தை வெட்டும்போது பழைய படத்தின் நிழலோ கூந்தலோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஓரத்தைக் கூர்மையாக்கிப் பாருங்கள். கரை மறைந்தால் கணக்குப் பிழை. மெல்லிய கோடாக நின்றால் அது ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு. இதற்கு மாஸ்கை ஓரிரு புள்ளி உள்ளே இழுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. வெளிச்சக் கணக்கில் பளிச்சென்ற பக்கம் சிறிது பரவும். நெற்றி கருங்கூந்தலைத் தொடுமிடத்தில் வகிடு அகன்று, முடி உதிர்ந்தவள்போல் அத்தை தோன்றிவிடுவாள்! அங்கே மட்டும் ஓரத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் படத்தை முழு அளவில் ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.