கொட்டாய்க்குப் போன அப்பா

என் பாட்டியை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வரவேண்டும் என்று ஆசை. எங்கள் டெஸ்க்கில் பக்கத்து சீட் அக்காவுக்கு நாகர்கோவில். அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்த அப்பா எதுக்கு ராத்திரி முழுக்க சினிமா கொட்டாய்லயே கெடக்காரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டி பேசுவதாக நான் எழுதியிருந்தது இதுதான்:

“ஒங்கொப்பன் ஊட்ல இல்ல கண்ணு. கொட்டாய்க்குப் பூட்டுகிறான். நேத்து வந்தா, துன்னா, பூட்டா.”

எங்கள் பக்கம் கொட்டாய் என்றால் ஊருக்கு வெளியே, சொந்த நிலத்திலேயே கட்டிக்கொண்ட வீடு. நாலைந்து வீடுகள் சேர்ந்தால் அதுவே ஊராகிவிடும். கொட்டாய் என்று பெயர் முடியும் ஊர்கள் இங்கே நிறைய உண்டு. ஆனால் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொட்டாய் என்றால் சினிமா, இல்லையென்றால் மாடு கட்டும் இடம்.

வட்டார வழக்கில் எழுதும்போது தெரியாத சொல்லைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். அதைவிட ஆபத்தானது, தெரிந்த சொல் மாதிரியே இருந்து வேறு அர்த்தம் தருவது. தெரியாத சொல் வந்தால் வாசகர் ஒரு நொடி நின்று யோசிப்பார். கொட்டாய் மாதிரிச் சொல்லில் அவர் நிற்கவே மாட்டார். தப்பான படத்தோடு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

அக்கா இன்னொன்றும் கேட்டார். “நேத்து வந்தான்னு யாரைச் சொல்றே, அம்மாவையா?”

பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ மூக்கோடு கரைந்துவிடும். காதுக்கு அது கேட்கும்; எழுத்தில் அதற்குக் குறி இல்லை. கேட்டபடியே ‘வந்தா’ என்று எழுதினால் ‘வந்தாள்’ என்றும் படிக்கலாம், ‘வந்தால்’ என்றும் படிக்கலாம். அதனால் ஆணைச் சொல்லும்போது ‘ன்’னை விடக்கூடாது. எங்கள் ஊர்க்காரர் அதைப் படிக்கும்போது தானாகவே கரைத்துப் படித்துக்கொள்வார்.

மூன்றாவது சிக்கல் ‘துன்னா’, ‘பூட்டா’. வட மாவட்டங்களில் பரவலாகக் கேட்கிற பேச்சுதான். ஆனால் சினிமா பார்த்துப் பழகிய வாசகருக்கு இது உடனே மெட்ராஸ் பாஷை. ஒரே வரியில் இரண்டு வந்தால், களி கிண்டும் பாட்டி அவர் மனதில் சென்னை ஆட்டோ ஸ்டாண்டில் போய் நின்றுவிடுவார். உச்சரிப்பு மாற்றங்களில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசிவரை ஒரே மாதிரி எழுதினால் போதும். நான் ‘ஊட்ல’, ‘ஒங்கப்பன்’ இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

இது புதுப் பிரச்னை இல்லை. ஆர்.சண்முகசுந்தரம் 1942-ல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சை உரையாடலுக்குள் கொண்டுவந்தார். பிறகு கி.ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கும், பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கும் தனி அகராதியே தொகுத்தார்கள். ஆனால் போனில் கதை படிப்பவர் பாதியில் அகராதி தேடிப் போகமாட்டார். கடைசியில் சொற்பட்டியல் போட்டாலும் அதுவரை ஸ்க்ரோல் பண்ணித் திரும்பி வருவது சிரமம். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டால் பாட்டி பேச்சு நடுவில் வாத்தியார் குறுக்கே வந்த மாதிரி இருக்கும். அதனால் அர்த்தத்தை அடுத்த வாக்கியத்திலேயே, அந்தப் பாத்திரத்தின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

மாற்றி எழுதியது இது:

“ஒங்கப்பன் ஊட்ல இல்ல கண்ணு. கொட்டாய்ல கீறான். நேத்து வந்தான், சாப்ட்டான், போயிட்டான். கல்லக்கா காட்டுல ராத்திரிக்குப் பன்னி எறங்குது. அங்கயே அடுப்பு மூட்டி, களி கிண்டித் தின்னுட்டுப் படுத்துக்கறான்.”

காடு, அடுப்பு, படுக்கை மூன்றும் வந்ததும், கொட்டாய் நிலத்தில் இருக்கும் வீடு என்று தானாகப் புரிந்துவிடும். கல்லக்கா என்றால் நிலக்கடலை. அதற்கு நான் விளக்கம் எழுதவில்லை. பன்னி இறங்குகிற ஏதோ ஒரு பயிர் என்று தெரிந்தால் இந்த இடத்துக்குப் போதும். ‘கீறான்’ ஒன்றை மட்டும் பிடிவாதமாக விட்டுவைத்தேன். பாட்டி எந்நாளும் ‘இருக்கான்’ என்று சொன்னதே இல்லை. ஒரே ஒரு இடம் என்பதால் ஆட்டோ ஸ்டாண்ட் வாடை வராது என்று ஒரு நம்பிக்கை.

அக்காவிடம் மறுபடி கொடுத்தேன். கொட்டாய் பற்றி எதுவும் கேட்கவில்லை. கடைசி வரை படித்துவிட்டு, “அந்த அப்பா காட்டுல தனியாவா கெடந்தாரு? பயமா இருக்காதா?” என்றார்.

கதை எழுத உட்கார்ந்தபோது யாராவது கேட்க வேண்டும் என்று நான் நினைத்த கேள்வி அதுதான்.