அலைகள் பாடத்துக்கு இரண்டு வாரம்: நாள்களைச் சமமாகப் பங்கிடாதீர்கள்

எஸ்.பி.எம். இயற்பியலில் படிவம் 4 அலைகள் பாடத்துக்கு 5.1 முதல் 5.7 வரை ஏழு பகுதிகள் உள்ளன. கையில் 14 நாள் இருந்தால், பகுதிக்கு இரண்டு நாள் என மாணவர்கள் பலர் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத் தெரியும் இந்தப் பங்கீடு தவறு என்பது என் கருத்து. மின்காந்த அலைகளுக்கு ஒரு நாள் போதும். குறுக்கீட்டு விளைவுக்கு மூன்று நாளாவது வேண்டும்.

முதல் மூன்று நாளை அலை வரைபடங்களுக்குக் கொடுங்கள். கிடை அச்சில் நேரம் இருந்தால் கிடைப்பது அலைவு காலம். தூரம் இருந்தால் கிடைப்பது அலைநீளம். இரண்டு கோடுகளும் ஒன்றுபோலவே இருப்பதால், அச்சைப் படிக்காதவர் இங்கேயே தவறிவிடுவார். நான்காம் நாள் தணிதல், ஒத்ததிர்வு.

ஐந்து முதல் எட்டாம் நாள் வரை எதிரொளிப்பு, விலகல், விளிம்பு விளைவு மூன்றையும் சேர்த்தே படியுங்கள். வேகம், அதிர்வெண், அலைநீளம், திசை ஆகியவற்றில் எது மாறுகிறது என ஒரே அட்டவணையில் எழுதுங்கள். அதிர்வெண்ணுக்கு எதிரே மூன்றிலும் ‘மாறாது’ என்றே வரும். சிற்றலைத் தொட்டியில் அதிர்வி 10 Hz என்றால், ஆழமான பகுதியில் 25 cm/s வேகத்தில் போகும் அலையின் நீளம் 2.5 cm. ஆழம் குறைந்த பகுதியில் வேகம் 15 cm/s ஆகும்போது அது 1.5 cm. எல்லைக்கு நொடிக்கு 10 அலை வந்தால், அதைக் கடப்பதும் 10 அலைதான். அங்கே அலை பிறப்பதுமில்லை, மறைவதுமில்லை.

ஒன்பது முதல் பதினொன்றாம் நாள் வரை குறுக்கீட்டு விளைவு. ஒரு கணக்கைப் பாருங்கள். பிளவுகளின் இடைவெளி 0.5 mm, திரை 2 m தூரத்தில் உள்ளது. அடுத்தடுத்த ஐந்து ஒளிர் பட்டைகளில் முதலாவதன் நடுவிலிருந்து ஐந்தாவதன் நடுவரை 9.6 mm. ஐந்து பட்டைகளுக்கு இடையே நான்கு இடைவெளிகளே உண்டு; ஆகவே x = 2.4 mm. λ = ax/D என்ற சூத்திரத்தில் இட்டால் 6.0 × 10⁻⁷ m, அதாவது 600 nm வரும்.

விடை 400 முதல் 700 nm வரையிலான கண்ணுறு ஒளிக்குள் இருக்கிறதா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம். மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்திருந்தால் அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால், 9.6-ஐ ஐந்தால் வகுத்தவருக்கு 480 nm கிடைக்கும். அதுவும் கண்ணுறு ஒளிதான். இந்தத் தவற்றைப் பிடிக்க ஒரே வழி, படத்தில் இடைவெளிகளை விரல் வைத்து எண்ணுவது. இதற்காகத்தான் மூன்று நாள் கேட்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் மின்காந்த அலைகள். கடைசி இரண்டு நாளும் புத்தகத்தை மூடிவைத்து, முந்தைய ஆண்டுத் தேர்வுத் தாள்களின் அலைக் கேள்விகளைக் கலந்து செய்யுங்கள். எது எந்தப் பகுதிக் கேள்வி என்று தேர்வில் யாரும் தலைப்பிட்டுத் தரமாட்டார்கள்.