பாதி தோண்டிய கடைக்காலும் ஒரு கடிதமும்

கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் வீடு கட்டுபவர்களுக்கு, வேலை தொடங்கிய பிறகு பொறியாளரிடமிருந்து ஒரு கடிதம் வர வேண்டிய கட்டம் வரலாம். பெரும்பாலும் அது வருவதில்லை. கரிசல் மண்ணில் ஐந்தடிக் கடைக்கால் நிற்காது என்று குழி தோண்டும்போதே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் வேலை நிற்காமல் ஓடுகிறது. வீட்டுக்காரரிடம் மேஸ்திரி வழியாக, "கொஞ்சம் கம்பி கூடப் போட்டுக்கலாம்" என்ற அளவில்தான் செய்தி போகிறது. அந்தக் கடிதம் எழுதப்பட வேண்டும், அதுவும் முதல் குழியில் கான்கிரீட் விழுவதற்கு முன் எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு தூண்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தடி ஆழத்தில் தனித்தனி ஃபூட்டிங். மனை வாங்கிய கையோடு வரைபடம் போட்டாகிவிட்டது. மண் பரிசோதனை செய்யவில்லை. பங்குனி வெயிலில் ஆறு குழிகள் தோண்டியாயிற்று, கம்பியும் வெட்டியாயிற்று. குழிக்குள் இறங்கிப் பார்த்தால் மேலே தெரிகிற வெடிப்பு பக்கச் சுவரில் கீழே வரை ஓடுகிறது. அடிமட்டத்திலும் விரல் நுழைகிற பிளவு இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் அதே கதையைச் சொல்கிறது.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய சோதனை எளியது, செலவும் குறைவு. குழியின் அடியிலிருந்து மண் எடுத்து, உலர்த்தி, சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் போடுகிறார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் விட்டுப் பார்க்கிறார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லி நிற்கும் மண், தண்ணீரில் 18 மில்லிக்கு ஏறியிருந்தால் உப்பல் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண ஃபூட்டிங்கை மறுபடி யோசிக்க வேண்டும். இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் வைத்து எடுத்த புகைப்படத்தைக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். படித்தவர், படிக்காதவர் யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

கடிதத்தில் அடுத்து வர வேண்டியது, பழைய திட்டத்தின்படியே கட்டினால் என்ன ஆகும் என்பது. பல பொறியாளர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். சிலர் "வீடு இடிந்துவிடும்" என்று பயமுறுத்துகிறார்கள். சிலர் "பிற்காலத்தில் சில சிரமங்கள் நேரலாம்" என்று மழுப்புகிறார்கள். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதை அப்படியே எழுதலாம்:

"ஐயா, ஐந்தடியில் ஃபூட்டிங் போட்டால் வீடு விழுந்துவிடாது. ஆனால் ஐப்பசி மழையில் மண் உப்பி வீட்டைத் தூக்கும், சித்திரையில் சுருங்கி இறங்கும். வெளிச்சுவர் ஓரத்து மண் நனைகிற அளவுக்கு நடுவீட்டுக்குக் கீழே உள்ள மண் நனையாது. அதனால் எல்லாத் தூண்களும் ஒரே அளவு ஏறி இறங்காது. கதவுகள் மழைக்காலத்தில் பிடிக்கும். ஜன்னல் மூலைகளில் விரிசல் வரும். பூசி அடைத்தாலும் மறுவருடம் அதே இடத்தில் திறக்கும்."

இதைப் படிக்கிற அண்ணாச்சி, "பக்கத்து வீட்டுக்காரர் அஞ்சடிதானே போட்டிருக்கார்" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். பதிலும் பக்கத்து வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. அவரை அழைத்துப்போய் விரிசலைக் காட்டிவிட்டுக் கடிதத்தைக் கொடுப்பது நல்லது.

மாற்றுவழியாக நான் சொல்வது, அடியில் குமிழ் உள்ள பைல். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. ஒரு அடி விட்டமுள்ள துளையைக் கை ஆகரால் இறக்கி, அடியில் மடக்குக் கத்தியை விரித்துச் சுழற்றி, துளையைவிட இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ் குடைகிறார்கள். ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி போக வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த ஆழத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஈரம் பெரிதாக மாறுவதில்லை. மேல் மண் உப்பிப் பைலை இழுத்தாலும், கீழே இருக்கும் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கும் பீமுக்குக் கீழே 80 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மண் உப்பிவர அந்த வெற்றிடம் வேண்டும். பல தளங்களில் கொத்தனார்கள் நல்லெண்ணத்தோடு அங்கே மண்ணைத் திணித்து அடைத்துவிடுகிறார்கள். அது மொத்தச் செலவையும் பாழாக்கும். ஆகவே இந்த இடைவெளியைக் கடிதத்திலும் எழுத வேண்டும், வரைபடத்தில் சிவப்பிலும் குறிக்க வேண்டும்.

களிமண்ணை முழுக்க அள்ளிவிட்டுச் சரளை கொட்டலாமே என்ற யோசனையும் வரும். களி நான்கைந்து அடியோடு முடிந்தால் அது நல்ல வழி. பத்தடிக்குக் கீழும் களியே இருந்தால், அள்ளுகிற கூலியும் கொட்டுகிற சரளையும் பைல் செலவை எளிதில் எட்டிவிடும். கடிதத்தில் இதற்கு இரண்டு வரி போதும்.

பணக்கணக்குதான் வீட்டுக்காரர் முதலில் புரட்டுகிற பக்கம். அங்கே கூடுதல் தொகையை மட்டும் எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி. இதுவரை செலவழித்ததில் எது வீண், எது உதவும் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆறு குழி தோண்டிய கூலி போனதுதான். அவற்றைக் கெட்டித்து மூடவும் கூலி ஆகும். ஃபூட்டிங் ஜல்லடைக்கு வெட்டிய குட்டைக் கம்பிகள் பைலின் நீளக் கம்பிக்கு ஆகா, ஆனால் பைல் கேப்பில் பெரும்பகுதியைப் போட்டுவிடலாம். தூண் கம்பிக்குச் சேதமில்லை. இவற்றுக்குப் பிறகுதான் புதிய வேலையின் மதிப்பீடு வர வேண்டும். வங்கிக் கடனில் கட்டுபவரானால் திருத்திய மதிப்பீட்டை வங்கிக்கும் தர வேண்டியிருக்கும். அதைத் தனித்தாளில் கையொப்பமிட்டு இணைத்துவிட்டால் அவருக்கு ஓர் அலைச்சல் மிச்சம்.

புது வரைபடத்துக்கான கட்டணத்தை யார் ஏற்பது என்பதில் என் கருத்து கறாரானது. மண் பரிசோதனை வேண்டும் என்று பொறியாளர் எழுத்தில் கேட்டு, வீட்டுக்காரர் வேண்டாம் என்றிருந்தால் அது வீட்டுக்காரர் செலவு. கேட்காமலே வரைபடம் கொடுத்திருந்தால் பொறியாளர்தான் ஏற்க வேண்டும். கடிதமே அதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

முடிவெடுக்க ஒரு தேதியும் வேண்டும், அதற்குக் காரணமும் வேண்டும். திறந்த குழியில் கோடை மழை ஒன்று பெய்து தண்ணீர் தேங்கினாலே அடிமண் குழைந்துவிடும். பைல் துளைகளையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும். இதையெல்லாம் எழுதிய பிறகும் அவர் பழைய திட்டமே போதும் என்றால், அந்த ஃபூட்டிங் வரைபடத்தில் கையொப்பமிட மாட்டேன் என்று பொறியாளர் அதே கடிதத்தில் மரியாதையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

சம்மதித்தால் முதல் வேலை, வீட்டுக்காரர் முன்னிலையில் ஒரே ஒரு சோதனைத் துளை. குமிழ் குடையும் மட்டத்தில் மணல் வந்தால் குமிழ் நிற்காமல் சரியும். ஊற்று வந்தால் பென்டோனைட் குழம்பு ஊற்றித் துளையைத் தாங்க வேண்டும், செலவு கூடும். இந்த இரண்டில் எது நேர்ந்தாலும் ஆழமோ முறையோ மாறும். அந்த மாற்றத்துக்கு என்ன ஆகும் என்பதையும் இந்தக் கடிதத்திலேயே தொகையோடு எழுதிவிட வேண்டும்.