குரங்குக்குட்டி மரம் தாவுவதில்லை

பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதியவன் நான். சனிக்கிழமை சாயங்காலமானால் சம்பளக் கவர் போடும் வேலை. பவர் டேபிள்காரருக்கு இத்தனை பீஸ், இத்தனை ரூபாய். செக்கிங் அம்மாவுக்கு இத்தனை ஷிப்ட், இத்தனை ரூபாய். தைத்ததற்குக் காசு, தைக்காததற்குக் கிடையாது. இந்தக் கணக்கு எங்கள் ஊர் ரத்தத்தில் ஊறியது. அது பட்டறைக்குள் இருக்கும்வரை எனக்கு வருத்தமில்லை. அதைப் பெருமாள் சந்நிதிக்குள் கொண்டுபோய் வைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீதியில் ஒரு பையன். பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் அப்பா பிளாட்லாக் டெய்லர். போன புரட்டாசியில் அவர் படுக்கையில் விழுந்தார். பையன் வீரராகவப் பெருமாள் கோயிலில் வேண்டிக்கொண்டு, சனிக்கிழமை தோறும் விரதமிருந்து 108 சுற்று சுற்றினான். மூன்றாவது சனிக்கிழமை அவனால் போக முடியவில்லை. ஐப்பசியில் அப்பா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, ஒன்னு கேக்கோணும்ங்க."

"கேளு கண்ணு."

கைபேசியை நீட்டினான். நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்ட ஒருவர் ஒரு நிமிடத்தில் மோட்சத்தை விளக்குகிறார். வைணவத்தில் இரண்டு கட்சியாம். வடகலை குரங்குக் கட்சி. குட்டிதான் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி நழுவினால் விழ வேண்டியதுதான், ஆகவே முயற்சி செய். தென்கலை பூனைக் கட்சி. குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும். பின்னணியில் வீணை. முடிந்தது பாடம்.

"நாந்தானுங்க தாத்தா பிடிய உட்டுட்டேன்? அந்த மூணாவது சனிக்கிழமை?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஒரு நிமிடப் பேச்சைப் பேசியவருக்கு இப்படி ஒரு பையன் கேட்டுக்கொண்டிருப்பான் என்று தோன்றியிருக்காது. தோன்றியிருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

நான் பண்டிதன் இல்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்த்தவர் ஒரு வடகலைக்காரர். எனக்குப் பள்ளியில் தமிழ் சொன்ன வாத்தியார் தென்கலை. இருவரிடமும் பல வருடம் கேட்டுக்கேட்டு, பிறகு நானாகவும் படித்துத் தெரிந்துகொண்டது உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன். குரங்கு, பூனை உவமையில் குற்றமில்லை. அதை விளக்குகிற விதம்தான் தப்பு.

முதலில் குரங்கையே எடுத்துக்கொள்வோம். மருதமலைப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாய்க்குரங்கு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவுகிறது. குட்டி வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாவுவது யார்? தாய். கிளையை எட்டிப் பிடிப்பது யார்? தாய். குட்டியின் பிடி அந்த இடைவெளியில் ஓர் அடியைக்கூடக் கடப்பதில்லை. அப்படியிருக்க, "குட்டி தன் முயற்சியால் மரம் தாண்டியது" என்று சொன்னால் சிரிக்க மாட்டோமா? வடகலை என்றால் "உன் முயற்சியால் மோட்சம்" என்று சொல்வதும் அதே சிரிப்புக்குரிய பேச்சுதான்.

வடகலையாரின் ஆசாரியர் வேதாந்த தேசிகர். 1268-இல் காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்தவர். அவருடைய ரஹஸ்யத்ரயஸாரத்தில் சரணாகதிக்குத் தகுதி என்ன என்று கேட்டால், முதல் தகுதியே "எனக்கு வேறு வழியில்லை, என் கையில் ஒன்றுமில்லை" என்கிற நிலைதான். அதற்கு ஆகிஞ்சன்யம் என்று பெயர். பக்தி யோகம் செய்யச் சக்தி உள்ளவன் அதைச் செய்யலாம். அது சாகும்வரை விடாமல் செய்ய வேண்டிய கடினமான காரியம். அது முடியாதவனுக்குத்தான் சரணாகதி. ஆக, "முயற்சிக் கட்சி" என்று இவர்கள் பெயர் வைத்த இடத்தில் வாசற்படியே "என்னால் முடியவில்லை" என்பதுதான்.

அடுத்தது, பிடி நழுவும் கதை. தேசிகர் வழியில் சரணாகதி வாழ்க்கையில் ஒரே ஒரு முறை செய்வது. அவர்கள் வீடுகளில் அதைப் பரந்யாசம் என்பார்கள். பாரத்தை ஒப்படைப்பது என்று பொருள். ஒப்படைத்த பிறகு சுமப்பது அவன் பொறுப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுப்பிக்க அது பஸ் பாஸ் இல்லை. பிறகு தெரியாமல் தப்பு செய்தால் அது ஒட்டாது. தெரிந்தே செய்தால் வருந்திப் பரிகாரம் தேட வேண்டும். தேடாவிட்டால் இந்தப் பிறவியிலேயே லேசான தண்டனை ஏதாவது வந்து தீரும். மோட்சம் கைநழுவாது. நழுவும் பிடி வடகலையின் சொந்த நூலிலேயே இல்லாதபோது, அதைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவது எந்த ஊர் நியாயம்?

இனி பூனை. தென்கலையாரின் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர், தேசிகருக்கு மூத்தவர், ஸ்ரீரங்கத்தில் இருந்தவர். அவருடைய ஸ்ரீவசனபூஷணம் சொல்வது: வழி என்பது நாம் செய்கிற சரணாகதி அல்ல, பெருமாளேதான் வழி. நம் பங்கு, அவன் எடுக்க வரும்போது விலக்காமல் இருப்பது. இதைக் கேட்டவுடன் "ஆஹா, சும்மா இருக்கலாம்" என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. அந்த நூலைப் புரட்டினால் பெருமாளின் அடியாரை அவமதிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று நெற்றியடியாகச் சொல்லியிருப்பது தெரியும். சும்மா கிடப்பவனுக்கு அந்த எச்சரிக்கை எதற்கு? தொண்டு செய்ய வேண்டும், ஒழுங்காக நடக்க வேண்டும். ஆனால் அதைக் காட்டிக் கூலி கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் சொல்வது.

சொன்னவரின் வாழ்க்கையையும் பாருங்கள். ஸ்ரீரங்கத்தின் மேல் படை வந்தபோது, தள்ளாத வயதில் நம்பெருமாள் திருமேனியை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு காட்டுவழியே தெற்கே நடந்தார் லோகாசாரியர். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார் என்கிறது மரபு. "பூனைக்குட்டி சும்மா கிடக்கும்" என்று போதித்ததாகச் சொல்லப்படுபவர் செய்த காரியம் இது. அந்தப் பக்கம், "முயற்சிக்காரர்" என்று சொல்லப்படும் தேசிகரோ உஞ்சவிருத்தி எடுத்து, நாளைக்கு என்று ஒன்றும் சேர்க்காமல் வாழ்ந்தவர். நம் பேச்சாளர்கள் இரண்டு பேரையும் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்படியானால் சண்டையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதை மழுப்பவும் கூடாது. நம்மூர் வழக்கில் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தகப்பன் மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதி வைக்கிறார். மகன் "ஏற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடுகிறான். அந்தக் கையெழுத்து வீட்டின் விலையா? இல்லை. ஆனால் கையெழுத்து வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்கிறார் தேசிகர். அதற்கு அவர் வைத்த பெயர் வியாஜம், ஒரு சாக்கு. அந்தச் சாக்கும் இல்லாமல் ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனை விட்டால், பெருமாள் ஓரவஞ்சனைக்காரன், இரக்கமில்லாதவன் என்று ஆகிவிடாதா என்பது அவர் கவலை. லோகாசாரியர் வழி வந்தவர்கள், கையெழுத்துப் போடுவது அறிவுள்ள பிள்ளையின் இயல்பு, அதைக் காரணம் என்று சொல்லாதே என்கிறார்கள். சாக்கு என்று இன்று சொல்வாய், நாளை அதையே விலை என்பாய் என்பது அவர்கள் கவலை. ஒருவர் பெருமாளின் நியாயத்துக்குக் காவல் நிற்கிறார், மற்றவர் அவன் கருணைக்குக் காவல் நிற்கிறார். வீட்டைக் கட்டியதும் கொடுப்பதும் தகப்பன்தான் என்பதில் இருவருக்கும் சண்டையே கிடையாது. பீஸ் ரேட் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

"சின்னப் பசங்களுக்கு ஒரு நிமிஷத்துலதான் சார் சொல்ல முடியும், நீங்க சொல்ற மாதிரி சொன்னா எவன் பாப்பான்?" என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். சரி, ஒரு நிமிடத்திலேயே சொல்லுங்கள். "சுமப்பவன் அவன். நீ சரி என்று ஒரு வார்த்தை சொல்ல அவன் காத்திருக்கிறானா, அதற்கும் முன்பே தூக்கிவிடுகிறானா என்பதில்தான் பெரியவர்களுக்குள் கருத்து வேறு. நீ நல்லது செய்வது அவன் உன்னைத் தூக்குவதற்காக அல்ல, தூக்கியிருக்கிறான் என்பதால்." இதற்கு அரை நிமிடம் போதும். வீணைக்கும் நேரம் மிச்சம்.

அந்தப் பையனிடம் நான் இத்தனையும் சொல்லவில்லை. இரண்டே விஷயம் சொன்னேன்.

"கண்ணு, அந்தக் குரங்கு பூனைப் பேச்செல்லாம் மோட்சத்தப் பத்தினது. சீக்கு குணமாகறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சரணாகதி பண்ணின பெரியவங்களுக்கும் சீக்கு வந்துது, அவங்களும் ஒரு நாள் போய்ச் சேந்தாங்க. இந்த உடம்புக்குன்னு ஆரம்பிச்ச வினை இந்த உடம்போடதான் தீரும்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க. ஒரு சனிக்கெழம நீ போகாததுனால உங்கப்பா போகல."

அவன் பேசாமல் இருந்தான்.

"இன்னொன்னு. மூணாவது சனிக்கெழம கோயிலுக்குப் போகாம எங்கிருந்த?"

"அப்பாகூட ஆஸ்பத்திரில இருந்தனுங்க. எந்திரிச்சு உக்காரணும்னாரு. முதுகத் தாங்கிப் புடிச்சிட்டு இருந்தனுங்க."

"அப்பறம் எங்க கண்ணு பிடிய உட்ட?" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அழுதான். அப்பா போன நாளில்கூட அழவில்லை என்று அவன் அம்மா பிறகு சொன்னார்கள்.

ஒரு நிமிடப் பிரசங்கம் செய்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கணக்கெழுதுவது என் தொழில், எனக்கு அதில் முப்பத்தொரு வருட அனுபவம் உண்டு. கூலிக் கணக்கை எங்களிடம் விட்டுவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெருமாளுக்கு அந்த நோட்டு தேவையில்லை.