எழுபது இடத்துக்குள் ஒரு இலவசம்

போன மாதம் ஒத்தக்கடை அத்தைக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. "இலவச ஹோம் டெலிவரி! உங்கள் மருந்துகள் உங்கள் வீடு தேடி!" என்று ஒரு மருந்துக்கடையிலிருந்து. முழங்கால் வலியோடு மாட்டுத்தாவணி வரை பஸ் ஏறி வருகிறவருக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? உடனே போன் போட்டிருக்கிறார். "500 ரூபாய்க்கு மேல வாங்கணும்மா" என்று பதில். அத்தையின் ஒரு மாத பிரஷர் மாத்திரை 280 ரூபாய். "சரிப்பா, நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அந்த நாளை வரவே இல்லை. நான்கு நாள் மாத்திரை இல்லாமல் இருந்து, ஐந்தாம் நாள் காலையில் தலை சுற்றி வாசற்படியில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அந்த 500 ரூபாய் சங்கதியை எஸ்.எம்.எஸ்.ஸிலேயே போட்டிருந்தால் அத்தை அன்றைக்கே எனக்குப் போன் செய்திருப்பார். வேண்டுமென்றே மறைத்தார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் கே.கே.நகர் மருந்துக்கடை அண்ணனிடம் பேசிய பிறகு கோபம் பாதி குறைந்தது.

அவரும் இலவச டெலிவரி ஆரம்பிக்கிறார். "நீங்கதான் எழுதுற ஆளாச்சே, நாலு வரி எழுதிக் குடுங்கக்கா" என்றார். பெருமையாக ஆரம்பித்தேன்: "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே!"

"அக்கா, இதுக்கே 28 போச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் விளக்கினார். ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட் கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. ஆங்கில எழுத்து குறைந்த இடம் பிடிக்கும் என்பதால் 160 எழுத்து நுழையும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 2 பைட். ஆக, 70தான். அதிலும் நாம் பள்ளியில் எண்ணுகிற மாதிரி எண்ணக் கூடாது. "மு" நமக்கு ஓர் எழுத்து. போனுக்கு "ம" ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று என்று இரண்டு. "ல்" என்றால் புள்ளிக்கும் தனி இடம். இடைவெளி, காற்புள்ளி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆச்சரியக்குறியோடு சேர்த்து என் அன்பார்ந்த வாடிக்கையாளர்கள் சரியாக 28 இடத்தைத் தின்றுவிட்டார்கள்.

70 தாண்டினால் செய்தி போகாது என்றில்லை. இரண்டு துண்டாகப் போய், போனில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கான தகவலும் பெட்டிக்குள்ளேயே ஏறுவதால் துண்டுக்கு 67 தான் மிஞ்சும். கடைக்காரருக்கு இரண்டு செய்தியின் காசு. ஆயிரம் வாடிக்கையாளர் என்றால் 71-ஆவது குறிக்காக ஆயிரம் செய்திக்கான காசு கூடுதல்.

அப்படியானால் ஆங்கிலத்தில் போட்டால் என்ன? அதையும் அவர் பார்த்திருக்கிறார். ஒருமுறை ஆங்கிலத்தில் அழகாக எழுதி, ரூபாய்க்கு ₹ குறியைப் போட்டிருக்கிறார். 160 எழுத்துக் கணக்கில் அந்தக் குறி கிடையாது. அந்த ஒரு குறிக்காக முழுச் செய்தியும் தமிழ்க் கணக்குக்கு மாறி, 70-க்கு வந்துவிட்டது. பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். Rs. என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பார். எப்படியானாலும் அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தமிழிலேயே எழுதுவது என்று உட்கார்ந்தோம்.

கூப்பிடு, வணக்கம், "மேலும் விவரங்களுக்கு" எல்லாம் போயின. "மருந்து வீட்டுக்கே இலவசம்" என்று ஒன்று எழுதினேன். குறைந்த இடம்தான். ஆனால் அத்தை மாதிரி ஒருவர் வாசித்தால் மருந்தே இலவசம் என்று ஆகிவிடும். இலவசமாவது டெலிவரிதானே! அடுத்து "5 கி.மீ. வரை" என்று போடலாம் என்றார் அண்ணன். ஒத்தக்கடையில் இருக்கிறவருக்கு இந்தக் கடையிலிருந்து தன் வீடு எத்தனை கிலோமீட்டர் என்று எப்படித் தெரியும்? ஊர்ப் பெயரையே போடுவோம் என்றேன். குறைந்தபட்சத் தொகையை மட்டும் என்ன ஆனாலும் விடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். 300 என்று யோசித்திருந்தவர், அத்தையின் 280 கதையைக் கேட்டதும் 200 ஆக்கினார். கடைசியில் வந்தது இது:

(கடை): இலவச டெலிவரி. ரூ.200 முதல், ஒத்தக்கடை, இரவு 8 வரை (போன் எண்)

கடைப் பெயருக்கு 8 இடம், போன் எண்ணுக்கு 10. முதலில் எண்ணியபோது 71 வந்தது. "வரை" என்பதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது, அதை எடுத்தோம். 70.

எண்ணி முடித்ததும் அனுப்பிவிட முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி, கடையின் பெயரில் ஒரு தலைப்பைப் பதிவு செய்து, அனுப்பப் போகும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி பதிவு. அதனால்தான் அந்த ஒரு புள்ளிக்கு இத்தனை பாடு. உங்கள் போனில் அனுப்பியவர் பெயரின் கடைசியில் -P என்று இருந்தால் அது விளம்பரம் என்று அர்த்தம். -S என்றால் சேவைத் தகவல். 1909-ல் விளம்பரமே வேண்டாம் என்று பதிவு செய்தவர்களுக்கும், ஆரோக்கியம் என்ற 4-ஆம் பிரிவை மட்டும் தடுத்து வைத்திருப்பவர்களுக்கும் இது போகாது. ஆயிரம் பேர் பட்டியலில் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்பது அனுப்பிய பிறகுதான் தெரியும் என்றார்.

டாக்டர் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 26-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைதான் கடைக்காரர்கள் வீட்டுக்கு மருந்து கொடுக்க வழி சொன்னது. சீட்டு நேரிலோ மின்னஞ்சலிலோ வர வேண்டும். வாட்ஸ்அப் என்று அதில் இல்லை. பிரஷர், சர்க்கரை போன்ற நீடித்த நோய்க்கு, சீட்டு எழுதி 30 நாளுக்குள் காட்ட வேண்டும். ஷெட்யூல் எச்-1 மருந்துகள் இந்த வழியில் வீட்டுக்கு வராது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்குமே, அவைதான். சில ஆன்டிபயாடிக்குகளும் தூக்க மாத்திரைகளும் அதில் உண்டு. இன்னொன்று, கடை இருக்கும் அதே வருவாய் மாவட்டத்துக்குள் மட்டுமே கொடுக்கலாம். நம் மதுரையில் இது வேடிக்கையாக முடியும். பக்கத்திலேயே இருக்கும் திருப்புவனம் சிவகங்கை மாவட்டம், கூடாது. அதைவிட எவ்வளவோ தள்ளி இருக்கும் பேரையூர் மதுரை மாவட்டம், கூடும்!

இத்தனையும் 70-க்குள் அடங்காது. சீட்டு கேட்பார்கள் என்பது மருந்து வாங்குகிற யாருக்கும் தெரியும், போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டோம். 200 ரூபாய் அப்படியில்லை. சொன்னால்தான் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை செய்தி போனது. அத்தையின் நம்பரும் அண்ணனின் பில் புத்தகத்தில் இருந்தது. அரை மணி நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"ஏத்தா, 200 ரூபான்னு போட்டுருக்கானே, என் மாத்திரை 280தான? கூட எதுவும் வாங்கச் சொல்ல மாட்டானே?"

"மாட்டாங்க அத்தை. டாக்டர் சீட்டு மட்டும் எங்க வச்சிருக்கீங்க?"

"சாமி படத்துக்குப் பின்னாடி."

சீட்டில் தேதி பார்க்கச் சொன்னேன். எழுதி 41 நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை நானே வந்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.