"அவ வீட்டுல சும்மாதான் இருக்கா"

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரலாம். வரட்டும்.

போன மாசம் பக்கத்து ஒழுங்கையில ஒரு வீட்டு கேட்டடியில நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் தொழிற்படை அளவீட்டுக்கு ஒரு உத்தியோகத்தர் வந்தார். வீட்டுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு வெளி விறாந்தையிலேயே இருத்தினார். இருபது நிமிசத்துக்குள்ள ஐந்து பேருடைய விபரமும் எழுதி முடிந்தது. ஐந்து பேருக்கும் பதில் சொன்னவர் ஒரே ஆள், அவர்தான்.

"மனிசி என்ன செய்றா?" "வீட்டுல சும்மாதான் இருக்கா சேர்." "மகள்?" "ஏ.எல். முடிச்சிட்டு இருக்கா, ஒன்டும் இல்ல." "மகன்?" "படிக்கான்."

மகள் என்னிடம் படித்தவள். அதனால் அந்த வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். உம்மா கடைக்கு அபாயா தைத்துக் கொடுக்கிறா, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம், கிழமையில் ஆறு நாள், ஆக 24 மணித்தியாலம். மகள் பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறாள், ஐந்து நாள் இரண்டு மணித்தியாலப்படி பத்து. மகன் படிக்கிறான், அது உண்மை. ஆனால் சனிக்கிழமைகளில் போன் கடையில் ஆறு மணித்தியாலம் நிற்கிறான், சம்பளம் வாங்குகிறான்.

இந்த அளவீட்டில் கேட்கிற கேள்வி "உத்தியோகம் இருக்கா?" என்பதல்ல. போன கிழமையில் கூலிக்கோ இலாபத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தாரா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் வாப்பாவோடு சேர்த்து நாலு பேர் தொழில் செய்கிறவர்கள். மற்றவர் வயதான மாமி. படிவத்தில் விழுந்தது ஒன்று. மூன்று பேரும் அவர்களுடைய நாற்பது மணித்தியாலமும் ஒரு விறாந்தையில் காணாமல் போயின.

அந்த மனிசன் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கணக்கில் "வேலை" என்றால் காலையில் வெளிக்கிட்டுப் போய் மாசம் முடிய சம்பளத்தோடு வருவது. தையல் மெசின் சத்தம் அவருக்கு வீட்டுச் சத்தம். உத்தியோகத்தர் ஒரு மணித்தியாலம் என்று வாசித்திருந்தால் யோசித்திருப்பாரோ என்னவோ, அவர் அவசரத்தில் "என்ன செய்றா?" என்று சுருக்கிவிட்டார். பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே மெசினில் இருந்தவவிடம் போயிருந்தால், சுருக்கிக் கேட்டாலும் "தைக்கேன்" என்று ஒரு சொல் வந்திருக்கும்.

"ஒரு வீடு பிழைத்தால் நாட்டுக் கணக்கு பிழைக்குமா மாஸ்டர்?" என்று கேட்பீர்கள். பிழைக்கும். இந்த அளவீடு எல்லா வீட்டுக்கும் போவதில்லை. வருசத்துக்கு ஏறத்தாழ 25,000 வீடுகளைத் தெரிவு செய்து கேட்கிறார்கள். நாட்டில் இருப்பது சுமார் 60 இலட்சம் வீடு. ஆகவே விறாந்தையில் சொன்ன ஒரு "சும்மா" ஏறத்தாழ 240 வீட்டுக்கான பதில். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பிழை ஒரே பக்கம் சாய்கிறது. தைக்காதவளைத் தைக்கிறாள் என்று சொல்கிற புருசனை நான் கண்டதில்லை. அங்குமிங்கும் விழுகிற பிழையென்றால் நிறையப் பேரைக் கேட்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரே பக்கம் சாய்கிற பிழை 25,000 வீட்டைக் கேட்டாலும் 50,000 வீட்டைக் கேட்டாலும் அப்படியே நிற்கும்.

இது எங்கட ஊர்க் குறைபாடு மட்டுமல்ல. ஆபிரிக்காவில் மலாவியில் புருசனிடம் மனிசியின் வருமானத்தைக் கேட்டு, பிறகு மனிசியிடமும் தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதும் பொருந்தியது நூற்றுக்கு ஆறு வீட்டில்தான்.

தன்சானியாவில் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. யாரிடம் கேட்பது, அவரிடமேயா வேறு ஆளிடமா என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் போனார்கள். அது ஏன் முக்கியம் என்றால், சாதாரணமாக எங்கட படிவங்களில் "தானே பதில் சொன்னவர்", "மற்றவர் சொன்னது" என்று பிரித்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். பகலில் வீட்டில் ஆப்பிடுகிறவர் பெரும்பாலும் வெளி வேலை இல்லாதவர். வெளியே போனவருக்குத்தான் மற்றவர் பதில் சொல்கிறார். அந்த வித்தியாசம் பதில் சொன்னதால் வந்ததா, ஆளே வேறானவர் என்பதால் வந்ததா என்று பிரிக்க ஏலாது. குலுக்கிப் போட்டால் பிரிக்கலாம்.

அங்கே கண்டது என்ன? மற்றவர் பதில் சொன்ன இடத்தில் பெண்கள் வேலை செய்த மணித்தியாலம் குறைந்தது. ஆனால் "வேலை செய்கிறாரா" என்ற கேள்வியில் குறைந்தது ஆண்கள் பக்கம், விசேசமாக விவசாயத்தில். எனக்கும் இது முதலில் ஆச்சரியம்தான். பெண்களைத்தான் மறைக்கிறார்கள் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தவன் நான். காரணமாக அவர்கள் கண்டது ஒரே வீட்டுக்குள்ளேயும் ஒருவர் நிலவரம் மற்றவருக்குத் தெரியாமை. பதில் சொல்கிறவருக்கும் சொல்லப்படுகிறவருக்கும் வயது இடைவெளி அதில் முக்கிய பங்கு வகித்தது. ஆண் பெண் வேறுபாடு அந்த அளவுக்கு இல்லை. வாப்பாவுக்கு மகனுடைய சனிக்கிழமை தெரியவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி எங்கட நியாயங்கள். "பொம்புளைய வெளியே கூப்பிட்டு அந்நிய ஆம்புளைக்கு முன்னால இருத்தவா?" யாரும் அப்படிக் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லலாம், அதே கதவால் மீன்காரனிடம் விலை பேசுகிறார்களே. ஏலாதென்றால் பெண் உத்தியோகத்தரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆள் வீட்டில் இல்லையென்றால் போன் நம்பரைக் கொடுத்து எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

"வருமானத்தைச் சொன்னால் அஸ்வெசும வெட்டுப்படும்." இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, சொல்லாமல் மறைப்பதற்கு அரைவாசிக் காரணமும் இதுதான் என்பது என் எண்ணம். புள்ளிவிபரத் திணைக்களம் எடுக்கிற தனியாள் விபரம் சட்டப்படி இரகசியம். நலன்புரிக் கொடுப்பனவுக்கு எடுக்கிற தகவல் வேறு, அதற்கு வருகிற படிவமும் வேறு. வந்தவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அடையாள அட்டையைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் எல்லாரையும் கூப்பிடத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளையின் பிறந்த திகதி, வீட்டின் கூரை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இதெல்லாம் ஒருவர் சொன்னால் போதும். படுக்கையில் இருக்கிறவருக்கு மற்றவர்தான் சொல்லவேண்டும். போன கிழமை எத்தனை மணித்தியாலம், எவ்வளவு உழைத்தாய், வேலை தேடினாயா, இந்த மூன்றும் அவரவர் வாயால் வரவேண்டியவை. "வேலை தேடினாயா" என்பதை மகளிடம் கேட்காமல் வாப்பா "இல்ல" என்று சொன்னால் அவள் வேலையில்லாதவர் கணக்கிலும் வரமாட்டாள். தொழிற்படைக்கு வெளியே என்று போய்விடுவாள்.

அளவீட்டின்படி இலங்கைப் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவில்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள். எங்கட ஊரில் அதைவிடக் குறைவு என்று கூட்டங்களில் பேசுகிறார்கள், நாங்களும் தலையாட்டுகிறோம். தையலுக்குக் கடன் திட்டம் ஏன் வரவில்லை, பயிற்சி நிலையம் ஏன் பக்கத்து ஊருக்குப் போனது என்று பள்ளிவாசல் முன்னால் நின்று கேட்கிற ஆட்களில் அந்த விறாந்தைக்காரரும் ஒருவர்.

அந்த உத்தியோகத்தர் எழும்பும்போது நான் வாய் திறந்தேன். "சேர், உள்ளுக்க தைக்கிற சத்தம் கேட்குதே" என்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் உத்தியோகத்தர் திரும்ப இருந்தார். உள்ளே கேட்டுவிட்டு மனிசியின் வரியைத் திருத்தினார். மகள் வகுப்பில் இருந்தாள், மகன் வீட்டில் இல்லை. அவர்களுடைய இரண்டு வரியும் அப்படியே போயிற்று.